கணக்குக்குக் கூடுதல் வகுப்பு: வீட்டுக்குப் போகும் சீட்டில் என்ன எழுத வேண்டும்?

பள்ளிக்கூடத்திலிருந்து பெற்றோருக்கு ஒரு சீட்டு போகிறது என்றால், அதை முதலில் படிப்பவர் பெற்றோராக இருப்பதில்லை. ராமநாதபுரம் கடற்கரையில் பெரும்பாலான வீடுகளில் அந்தச் சீட்டைப் பிள்ளையேதான் படித்துக் காட்டுகிறது. அப்பா கடலுக்குப் போயிருப்பார். அம்மா கருவாடு காயப்போட்ட இடத்திலிருந்தோ பாசி எடுத்துவிட்டோ திரும்பி வந்து, கை கழுவிக்கொண்டே “என்னடி எழுதியிருக்கு, படி” என்பார். பிள்ளை வாசலில் நின்று சத்தமாகப் படிக்கும். பாட்டி கேட்பார், தம்பி கேட்பான், பக்கத்து வீட்டு அக்காவும் கேட்பார்.

கணக்கில் தடுமாறும் பிள்ளைகளுக்கான கூடுதல் வகுப்பை அறிவிக்கும் சீட்டை எழுதும்போது இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். தன்னைப் பற்றி எழுதியதை ஒரு பிள்ளை தன் வாயாலேயே, தன் வீட்டார் முன்னால் படிக்கப் போகிறது. அந்த வரிகளை அது குரல் தாழாமல் படிக்க முடிய வேண்டும். அதே சமயம் கேட்கும் அம்மாவுக்கு உண்மை நிலவரமும் தெரிய வேண்டும். இந்த இரண்டும் ஒரே சீட்டில் அமைவது சிரமம் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதும் விதத்தை மாற்றினால் அமைந்துவிடும்.

வழக்கமாகப் போகும் சீட்டு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“தங்கள் மகன்/மகள் கணிதப் பாடத்தில் மிகவும் பின்தங்கியிருப்பதால், மெல்லக் கற்கும் மாணவர்களுக்கான சிறப்பு வகுப்பில் தினமும் மாலை 4.15 முதல் 5.15 வரை கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். தவறும் மாணவர்களின் தேர்ச்சிக்குப் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல.”

இதை எழுதும் ஆசிரியர் கெட்ட எண்ணத்தில் எழுதுவதில்லை. ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குக் காட்டும் பதிவேட்டில் என்ன தலைப்பு இருக்கிறதோ அதையே சீட்டுக்கும் எடுத்துக்கொள்கிறார். “மெல்லக் கற்போர்”, “மீத்திறன் மாணவர்” என்பவை ஆசிரியர் அறைக்குள் புழங்கும் சொற்கள். அங்கே அவை ஒரு பட்டியலின் பெயர், அவ்வளவுதான். அதே சொல் பிள்ளையின் வாய் வழியாக வீட்டுக்குள் நுழையும்போது குணம் மாறிவிடுகிறது. மெல்லக் கற்பது அந்தப் பிள்ளையின் இயல்பு, நிறம் போல உயரம் போல மாறாத ஒன்று என்று வீடு எடுத்துக்கொள்கிறது. அடுத்த நாளே அண்ணன் அதைப் பட்டப்பெயராக்கிக் கூப்பிடுவான்.

இன்னொரு குறையும் இருக்கிறது, அது இதைவிடப் பெரியது. சீட்டு முழுவதையும் படித்தாலும் பிள்ளைக்கு எந்தக் கணக்கு வரவில்லை என்பது தெரியாது. “பின்தங்கி” என்றால் எதில், எவ்வளவு தூரம்? எவ்வளவு நாளில் சரியாகும்? எதுவும் தெரியாத இடத்தில் வீடு தனக்குத் தெரிந்த சொல்லைப் போட்டு நிரப்பிக்கொள்ளும். நம் ஊரில் அந்தச் சொல் “மக்கு”.

ஆகவே முதல் வேலை, சீட்டை எழுத உட்காரும் முன்பே, எந்தக் கணக்கு எந்த இடத்தில் உடைகிறது என்று பார்ப்பது. இதற்குத் தேர்வு மதிப்பெண் உதவாது. நூற்றுக்கு 31 வாங்கிய இரண்டு பிள்ளைகளில் ஒருத்திக்கு வாய்ப்பாடு தெரியாது, இன்னொருத்திக்கு வாய்ப்பாடெல்லாம் தெரியும், வகுத்தலில் ஒரே ஒரு படியைத் தாண்டிவிடுகிறாள். இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து ஒரே பாடத்தை நடத்தினால் ஒருத்திக்குப் புரியாது, இன்னொருத்திக்கு அலுத்துப்போகும்.

ஏழாம் வகுப்பை எடுத்துக்கொள்வோம். தசம எண்கள் தொடங்கும் முன், வகுப்பில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஐந்தே ஐந்து கணக்குகள் கொடுக்கலாம். எல்லாருக்கும் என்பது முக்கியம். சந்தேகப்படும் பத்துப் பேருக்கு மட்டும் கொடுத்தால், சீட்டு போகும் முன்பே முத்திரை விழுந்துவிடும். ஐந்தில் இரண்டு கணக்குகளை இங்கே பார்ப்போம்.

ஒன்று, 702-இல் 368-ஐக் கழிப்பது. சரியான விடை 334. ஆனால் 466 என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். எப்படி வந்தது என்று பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு தெரியும். ஒன்றின் இடத்தில் 2-இலிருந்து 8 போகாது, அதனால் 8-இலிருந்து 2-ஐக் கழித்து 6 போட்டிருக்கிறாள். பத்தின் இடத்திலும் 0-இலிருந்து 6 போகாது என்று 6-ஐ அப்படியே இறக்கியிருக்கிறாள். நூறின் இடத்தில் 7-இலிருந்து 3 போக 4. அதாவது, எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிக்கலாம் என்று தனக்குத் தானே ஒரு விதி வைத்திருக்கிறாள். அந்த விதியை ஒரு முறைகூடத் தவறவிடாமல் பின்பற்றியும் இருக்கிறாள். கவனக்குறைவு என்று இதைச் சொல்ல முடியாது. கடன் வாங்குவது ஏன் என்பது அவளுக்குப் போய்ச் சேரவில்லை, அதுதான் விஷயம்.

இரண்டு, 824-ஐ 8-ஆல் வகுப்பது. ஆளுக்கு 103 வர வேண்டும். 13 என்று எழுதுவார்கள். 8-இல் 8 ஒரு முறை போனது, அடுத்து 2-ஐ இறக்கினால் 8 போகாது, உடனே 4-ஐயும் இறக்கி 24-இல் 3 முறை என்று போட்டுவிட்டார்கள். நடுவில் 2-இல் 8 போகாதபோது விடையில் ஒரு சைபர் போட வேண்டும் என்ற ஒரே ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. இந்தப் பிழை உள்ள பிள்ளை தசம வகுத்தலுக்குப் போனால் அங்கே எல்லாமே குழம்பும். ஏனென்றால் அங்கே நடுவில் சைபர் வருவது சர்வ சாதாரணம்.

ஐந்து கணக்கையும் திருத்திப் பார்த்தால், நாற்பது பேர் கொண்ட வகுப்பிலும் பிழைகள் நாற்பது விதமாக இருக்காது. ஐந்தாறு விதத்துக்குள் அடங்கிவிடும். இதனால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஒரு வரி எழுதுவது ஆசிரியரால் முடிகிற வேலையாகிறது. ஐந்தாறு வரிகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, யாருக்கு எது பொருந்துமோ அதைப் போட்டால் போதும்.

இப்போது சீட்டை எழுதலாம்:

“அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம். ஏழாம் வகுப்பில் அடுத்து தசம எண்கள் நடத்தப் போகிறோம். அதற்கு முன் கழித்தலும் வகுத்தலும் எல்லாருக்கும் கைக்கு வந்திருக்க வேண்டும். அதனால் போன வாரம் வகுப்பில் அனைவருக்கும் ஐந்து கணக்குகள் கொடுத்துப் பார்த்தோம். தங்கள் மகள் கழித்தல் கணக்குகளைச் சரியாகச் செய்திருக்கிறாள். வகுத்தலில், விடையின் நடுவே சைபர் வர வேண்டிய இடத்தில் அதை விட்டுவிடுகிறாள். 824 ரூபாயை 8 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 103 ரூபாய். 13 என்று எழுதியிருக்கிறாள்.

இந்த ஒரு படியைப் பழக்க, செவ்வாயும் வியாழனும் மாலை 4.15 முதல் 5.00 வரை வகுப்பு வைத்திருக்கிறோம். ஆறு வாரம். கட்டணம் எதுவும் இல்லை, தனி நோட்டும் வேண்டாம். 5.10 பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றிவிட்டுத்தான் ஆசிரியர் கிளம்புவார். ஆறு வாரம் முடிந்ததும் இதே போல ஐந்து கணக்குகள் கொடுத்து, அந்தத் தாளை உங்களுக்கு அனுப்புவோம். நடுவிலேயே சரியாக வந்துவிட்டால் அப்போதே சொல்லிவிடுவோம்.

அந்த நேரத்தில் வீட்டில் பிள்ளையின் உதவி தேவைப்படுமானால் சொல்லுங்கள், மதிய இடைவேளையில் நேரம் ஒதுக்குகிறோம்.”

இந்தச் சீட்டில் எதுவும் மறைக்கப்படவில்லை. 103 வர வேண்டிய இடத்தில் 13 வந்திருக்கிறது என்று அப்பட்டமாகச் சொல்கிறது. முன்பு பார்த்த சீட்டைவிட இது கடுமையான உண்மை என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும் ஒரு பிள்ளை இதை வாசலில் நின்று படித்துவிட முடியும். ஏனென்றால் ஒவ்வொரு வரியும் ஒரு கணக்கைப் பற்றியது. பிள்ளை எப்படிப்பட்டவள் என்று ஒரு வரிகூட இல்லை.

ரூபாயில் சொன்னதற்கும் காரணம் உண்டு. இந்தக் கரையில் எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள்கூட மனக்கணக்கில் புலி. மீன் ஏலத்தில் நின்று, எடை போட்டு, கமிஷன் கழித்து, பங்கு பிரித்துப் பழகியவர்கள். 702 ரூபாயில் 368 போனால் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். எழுநூறுக்கு முந்நூறு போனா நானூறு, அதுல அறுபத்தெட்டு போனா முந்நூத்தி முப்பத்திரெண்டு, மேல ரெண்டு, முந்நூத்தி முப்பத்திநாலு என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். தாளில் கணக்கைப் பார்த்துப் புரியாதவர், காதால் கேட்டதும் எங்கே பிசகு என்று உடனே பிடித்துவிடுவார். எட்டுப் பேருக்கு 824-ஐப் பிரித்தால் ஆளுக்குப் பதிமூன்று வராது என்பது அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்பதை அந்த நொடியே அவர் புரிந்துகொள்கிறார், யாரையும் மக்கு என்று சொல்லாமலேயே.

சீட்டு போன பிறகு சில வீடுகளிலிருந்து போன் வரும். அந்தப் பேச்சிலும் இதே வழிதான் கைகொடுக்கும்.

“டீச்சர், எம்புள்ளய மக்குங்கிறீங்களா?”

“இல்லக்கா. கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் போடுறா. வகுத்தல்ல நடுவுல சைபர் வர்ற இடத்த மட்டும் தாண்டிருறா. அத ஆறு வாரத்துல பழக்கிரலாம்.”

“அது ஒண்ணுதானா?”

“இப்ப அது ஒண்ணுதான்க்கா. வேற ஏதாச்சும் இருந்தா நானே கூப்பிட்டுச் சொல்றேன்.”

ஆசிரியர் இங்கே “உங்க பொண்ணு நல்ல பொண்ணு, கவலைப்படாதீங்க” என்று சமாதானம் சொல்லப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆறுதலாகப் பேசுவது நல்லதுதானே என்று தோன்றும். கணக்கு விஷயத்தில் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அனிதா ரத்தன், கேத்தரின் குட், கரோல் டுவெக் ஆகிய மூவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. கணக்குத் திறமை பிறவியிலேயே வருவது என்று நம்பும் ஆசிரியர்கள், குறைந்த மதிப்பெண் வாங்கிய மாணவரிடம் “எல்லாருக்கும் கணக்கு வந்துவிடாது” என்ற தோரணையில் ஆறுதல் சொல்லவும், வேலையைக் குறைத்துக் கொடுக்கவும் அதிகம் முனைந்தார்கள். அப்படிப்பட்ட ஆறுதலைக் கேட்பதாகக் கற்பனை செய்துகொண்ட மாணவர்கள், ஆசிரியர் தங்களிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய ஊக்கமும் குறைந்தது. அது கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வு, நம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்ததில்லை. என்றாலும், “இவளுக்குக் கணக்கு அவ்வளவுதான் வரும், மத்த பாடத்துல பாத்துக்கலாம்” என்று பெரியவர்கள் அன்பாகச் சொல்வதைக் கேட்ட பிள்ளை நோட்டை மூடிவைப்பதை எந்த ஆசிரியரும் பார்த்திருப்பார். களங்கம் ஒட்டக்கூடாது என்ற அக்கறையில் எழுதும் சீட்டு இந்தக் குழியில்தான் அதிகம் விழுகிறது. தேன் தடவிய சொற்களாகத் தேடித் தேடிப் போட்டு, கடைசியில் சொல்ல வந்ததே காணாமல் போய்விடும். படித்து முடித்த அம்மா, “ஏதோ கிளாஸாம், விருப்பமிருந்தா போ” என்று விட்டுவிடுவார்.

பெயர் வைப்பதிலும் இந்த எச்சரிக்கை வேண்டும். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர் வைத்தார்கள். மனதைத் தொடும் பெயர்கள். மொட்டு மலராகும் என்ற நம்பிக்கை பெயரிலேயே இருக்கிறது. ஆனால் பெயர் தானாக எதையும் காப்பாற்றாது. ஒரு பிள்ளை ஆண்டு முழுவதும் அரும்பிலேயே இருந்தால், அந்த அழகான சொல்லையே மற்ற பிள்ளைகள் கேலிக்கு எடுத்துக்கொள்வார்கள். எந்தக் குழுவாக இருந்தாலும் உள்ளே போகவும் வெளியே வரவும் கதவு திறந்திருந்தால்தான் பெயர் ஒட்டாது. மேலே உள்ள சீட்டில் ஆறு வாரம் என்றும், நடுவிலேயே சரியானால் சொல்லிவிடுவோம் என்றும் எழுதியது இதற்காகத்தான். இன்னொரு வழியும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கழித்தல், வியாழக்கிழமை வகுத்தல் என்று பிரித்துவிட்டால் இரண்டு நாளும் ஒரே முகங்களாக இருக்காது. கழித்தலுக்கு வருகிறவனுக்கு வகுத்தல் நன்றாக வரலாம். “அந்தக் கும்பல்” என்று ஒன்று உருவாக இடமே இருக்காது.

சீட்டைக் கொடுக்கும் விதம், அதில் எழுதியிருப்பதைவிட அதிகம் பேசும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மைக்கில் பெயர்களைப் படித்தால் எவ்வளவு நல்ல சீட்டும் வீண். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போடுவது அதைவிட மோசம், ஏனென்றால் அது அழியாது, ஊர் முழுக்கச் சுற்றும். சிலருக்கு மட்டும் சீட்டு கொடுப்பதும் பட்டியல் படிப்பது மாதிரிதான். எல்லாரும் ஐந்து கணக்கு செய்தார்கள் அல்லவா, எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே நிறத் தாளில் சீட்டு போகட்டும். ஐந்தும் சரியாகச் செய்தவளின் சீட்டில் அது இருக்கும். கூடுதல் வகுப்பு தேவைப்படுகிறவளின் சீட்டில் நாளும் நேரமும் இருக்கும். மடித்துக் கொடுத்தால் யார் சீட்டில் என்ன என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது.

நேரம் குறிப்பதில் இந்தக் கரைக்கென்று சில கணக்குகள் உண்டு. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பும். நாட்டுப்படகுக்காரர்கள் மற்ற நாட்களில் போவார்கள். பெற்றோரை நேரில் பார்த்துப் பேச நாள் குறித்தால், எந்தத் தெருவில் எந்தப் படகு அதிகம் என்று கேட்டுக் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் வராதவர்களை அக்கறையில்லாதவர்கள் என்று தப்பாக நினைத்துவிடுவோம். கீழக்கரைப் பக்கம் பல வீடுகளில் அப்பா வளைகுடாவில் இருப்பார், சீட்டில் கையெழுத்துப் போடுவது பாட்டியாக இருக்கும். “பெற்றோர் கையொப்பம்” என்று அச்சிடுவதைவிட “வீட்டுப் பெரியவர் கையொப்பம்” என்று போடுவது எல்லா வீட்டுக்கும் பொருந்தும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அதை ஒட்டிய நாட்களில் வீட்டில் கைச்செலவுக்கே இழுபறியாக இருக்கும். அப்போது போகும் எந்தச் சீட்டிலும் “கட்டணம் இல்லை” என்ற வரி மேலேயே கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

கட்டணம் பற்றிச் சொல்வதற்குச் சட்டப்படியும் காரணம் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் கணித்து, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பதை ஆசிரியரின் கடமையாக வைத்திருக்கிறது. பெற்றோரைத் தவறாமல் சந்தித்துப் பிள்ளையின் முன்னேற்றத்தைச் சொல்வதும் அதே பிரிவில் இருக்கிறது. 28-ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது. 17-ஆம் பிரிவு பிள்ளையை அடிப்பதோடு மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. இதையெல்லாம் சீட்டில் எழுத வேண்டியதில்லை. எழுதுகிறவர் தெரிந்து வைத்திருந்தால் தொனி தானாக மாறும். கூடுதல் வகுப்பு பள்ளி செய்ய வேண்டிய வேலை என்று தெரிந்தவர், “தேர்ச்சிக்குப் பள்ளி பொறுப்பல்ல” என்ற வரியை எழுத மாட்டார்.

சீட்டு சரியாக வேலை செய்கிறதா என்பது இரண்டாவது வாரத்தில் தெரிந்துவிடும். சீட்டில் இருக்கும் கையெழுத்து பிள்ளையின் கையெழுத்து மாதிரி இருந்தால், அது வீட்டில் படிக்கப்படவே இல்லை. மணி அடித்த பிறகு பையை அடுக்குவது போலப் பாவனை செய்து, மற்றவர்கள் கேட்டைத் தாண்டும் வரை காத்திருந்து வகுப்புக்கு வரும் பிள்ளை, யாரோ எதையோ சொல்லிவிட்டார்கள் என்பதற்கு அடையாளம். பையன்கள் முதலில் நின்றுவிடுவார்கள், கேட்டால் வலை பிரிக்கப் போனேன் என்பார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும், அதனால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்வது நல்லது. “எப்ப வகுப்பு வைக்கலாம்னு நீங்க சொல்லுங்க” என்று கேட்டால், வேலைதான் காரணம் என்றால் நேரத்தைச் சொல்வார்கள். வெட்கம்தான் காரணம் என்றால் பதில் மழுப்பலாக வரும். அப்போது நேரத்தை மாற்றிப் பயனில்லை. அந்தப் பிள்ளையை வகுத்தல் குழுவில் தனக்கு வரும் ஒரு கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டச் சொல்லித்தான் மறுபடி உள்ளே கொண்டுவர முடியும்.

ஆறு வாரம் முடிந்து போகும் இரண்டாவது சீட்டைப் பல பள்ளிகள் மறந்துவிடுகின்றன. முதல் சீட்டு கொடுத்த வாக்கு அதில்தான் நிறைவேறுகிறது, அதனால் அதை விடக் கூடாது. அது சின்னதாக இருந்தால் போதும். பழைய தாளையும் புதிய தாளையும் ஒன்றாகப் பின் அடித்து, “போன முறை 824-ஐ 8-ஆல் வகுத்து 13 என்று எழுதினாள். இப்போது 927-ஐ 9-ஆல் வகுத்து 103 என்று எழுதியிருக்கிறாள். அடுத்த வாரம் முதல் செவ்வாயும் வியாழனும் வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள்” என்று எழுதி அனுப்பலாம். இன்னும் சரியாகவில்லை என்றால் அதையும் அப்படியே, எந்தப் படி வந்துவிட்டது, எந்தப் படி மிச்சம், இன்னும் எத்தனை வாரம் என்று எழுத வேண்டும். ஆறு வாரத்துக்குப் பிறகும் ஒரே படியில் நிற்கும் பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். எழுத்துகளைப் பார்ப்பதில் சிரமமா, காது சரியாகக் கேட்கிறதா, வீட்டில் ஏதேனும் நெருக்கடியா என்று அந்தப் பிள்ளையின் வீட்டாரோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். அதைச் சீட்டில் எழுதி, பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பக் கூடாது.